டெஸ்டர் சத்தம் போட்டால் அது வைரமா?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறவர்களும் வெளிநாட்டு உறவுகளிடம் நகை சொல்லி வைத்திருப்பவர்களும் நேரம் எடுத்து முழுவதையும் வாசியுங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சின்ன நகைப்பெட்டி, அதற்குள் ஒற்றைக்கல் மோதிரம். மகனுடைய நிக்காஹ் நாளில் மருமகளுக்குக் கொடுக்கவென்று, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த தெரிந்த ஒருவரிடம் வாங்கியது. நான்கரை லட்சம் ரூபாய். அதில் பாதி சீட்டு எடுத்த காசு.

"டீச்சர், ரெண்டு கடையில மெஷின் வைச்சுப் பார்த்தாச்சு. ரெண்டு இடத்திலயும் சத்தம் வந்தது. வைரம் எண்டுதான் சொல்றாங்க. ஆனா இந்த லைட்டுக்குக் கீழ பிடிச்சா மழைவில் மாதிரி கலர் அடிக்குது. எனக்கு மனசு ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

எங்களுக்கு நகைத் தொழில் தெரியாது. விஞ்ஞானம் படிப்பிக்கிறோம். வகுப்பில் விதையும் கல்லும் காட்டுவதற்கு வைத்திருக்கிற பத்து மடங்கு லூப் ஒன்று வீட்டில் இருக்கிறது. அந்தக் கண்ணாடியில் பார்த்த பத்து நிமிடத்தில் மாமியின் சந்தேகம் சரி என்று பட்டது. கல்லை எங்கள் பத்தர் கழற்றிக் கொடுத்தார். பிறகு கொழும்பில் உள்ள தேசிய மாணிக்கக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகாரசபையின் ஆய்வகத்துக்குப் போனது. பதில் ஒரு வரியில் வந்தது: செயற்கை மொய்சனைட்.

அந்தக் கதையில் யாரும் பொய் சொல்லவில்லை. விற்றவரும் அங்கே ஒருவரிடம் வாங்கும்போது மெஷின் சத்தத்தைக் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறார். கடைக்காரர்கள் இருவரும் மெஷின் காட்டியதைத்தான் சொன்னார்கள். நேர்மையான ஆட்கள் இத்தனை பேர் ஒரே சத்தத்தை நம்பினார்கள், எல்லோரும் பிழையாகப் போனார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

அந்தச் சின்ன மெஷின் என்ன செய்கிறது?

பேனா போல இருக்கும். நுனியில் செம்பாலான ஒரு சின்ன ஊசி. ஆளியைப் போட்டதும் அந்த நுனி சூடாகும். கல்லில் தொட்டதும், நுனியிலிருந்து சூடு எவ்வளவு வேகமாகக் கல்லுக்குள் ஓடுகிறது என்பதை உள்ளே இருக்கும் உணரி பார்க்கும். வேகமாக ஓடினால் விளக்குகள் ஏறும், சத்தம் வரும். அவ்வளவுதான் அதன் வேலை. அது கல்லின் பெயரைப் படிப்பதில்லை. சூடு ஓடுகிற வேகத்தை மட்டும்தான் பார்க்கிறது.

பிள்ளைகளுக்கு நாங்கள் இப்படிச் சொல்வோம். காலையில் வகுப்பில் மேசையின் பலகையையும் அதன் இரும்புக் காலையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. ஆனால் இரும்பு குளிரும். காரணம், உங்கள் விரலின் சூட்டை இரும்பு வேகமாக இழுத்துக்கொள்கிறது. டெஸ்டரின் ஊசி உங்கள் விரல். கல் அந்த மேசைக் கால்.

வைரம் இந்த விடயத்தில் உலோகங்களையே தோற்கடிக்கும். சூடு கடத்துவதில் செம்புக்கு ஏறத்தாழ 400 என்று ஓர் எண் இருக்கிறது. வைரத்துக்கு அது ஆயிரத்துக்கும் மேலே, நல்ல கல்லில் இரண்டாயிரம் வரை போகும். நிறமில்லாத நீலக்கல்லுக்கு, அதாவது வெள்ளை சபையருக்கு, நாற்பதுக்குக் கிட்ட. கடைகளில் சீ.செட் என்று சொல்கிற கல்லுக்கும் கண்ணாடிக்கும் ஒற்றை இலக்கம். ஆகவே இந்தக் கற்களிலிருந்து வைரத்தைப் பிரிப்பதில் இந்த மெஷின் பிழை விடுவது அரிது. சீ.செட் 1976இல் சந்தைக்கு வந்து உலகம் முழுவதும் நகைக்கடைகளைக் குழப்பிய பிறகுதான் இப்படிப்பட்ட டெஸ்டர்கள் பரவின. வந்த வேலையை அவை நன்றாகவே செய்தன.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 'மாத்தறை வைரம்' என்று பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாத்தறைப் பக்கம் கிடைக்கிற நிறமற்ற சேர்க்கோன் கல்தான் அது, வைரமல்ல. ஒரு காலத்தில் அதைத் தரம் குறைந்த வைரம் என்றே நம்பி வாங்கியவர்கள் இருந்தார்கள். அந்த ஏமாற்றத்தை இன்றைய டெஸ்டர் ஒரு நொடியில் பிடித்துவிடும். சேர்க்கோன் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், ஆகவே சத்தம் வராது.

அப்படியென்றால் மொய்சனைட் எப்படித் தப்பியது?

மொய்சனைட் என்பது சிலிக்கனும் காபனும் சேர்ந்த சிலிக்கன் காபைட். ஹென்றி மொய்சான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1893இல் அமெரிக்காவின் அரிசோனாவில் விழுந்த ஒரு விண்கல்லின் துண்டில் இதன் சிறு துகள்களைக் கண்டார். அவர் பெயரே கல்லுக்கு வந்தது. இயற்கையில் நகைக்கு வெட்டுகிற அளவில் கிடைப்பதில்லை. இன்று விற்பனையில் இருப்பதெல்லாம் மனிதன் வளர்த்தது. ஓர் அமெரிக்கக் கம்பனி 1990களின் கடைசியில் இதை நகைக்கல்லாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அது வந்த நேரத்திலேயே விடயம் தெரிந்துவிட்டது. அமெரிக்க மாணிக்கக்கல் கல்வி நிறுவனமான ஜி.ஐ.ஏ.யின் 'ஜெம்ஸ் அன்ட் ஜெமோலஜி' சஞ்சிகை 1997லேயே, சூட்டை வைத்துப் பார்க்கிற டெஸ்டர்கள் இந்தக் கல்லையும் வைரம் என்றே காட்டுகின்றன என்று எழுதியது. கல்லை விற்ற கம்பனியே இதைப் பிரித்துக் காட்ட வேறொரு கருவியையும் விற்றது. அதாவது இது புதிய இரகசியமில்லை, கால் நூற்றாண்டுக்கு மேல் தெரிந்த விடயம். அது நம் கடை மேசைக்கும் வீட்டு வாசலுக்கும்தான் இன்னும் வந்து சேரவில்லை.

காரணம் இதுதான். மொய்சனைட்டின் சூடு கடத்தும் எண் 200க்கும் 500க்கும் இடையில், செம்போடு ஒரே வரிசையில் நிற்கிறது. "வைரத்துக்கு ஆயிரத்துக்கு மேல் என்றால், மெஷினின் கோட்டை அறுநூறில் போட்டால் சரிதானே?" என்று ஒரு மாணவன் கேட்கக் கூடும். நல்ல கேள்வி. ஆனால் மெஷின் அந்த எண்ணை நேரே அளப்பதில்லை. நுனியின் சூடு எவ்வளவு குறைந்தது என்பதை மட்டும் அளக்கிறது. கல் மிகச் சிறியதாக இருந்தால், ஊசி சற்றுச் சரிந்து தொட்டால், கல்லில் எண்ணெய் பிடித்திருந்தால், உண்மையான வைரமும் குறைவாகவே காட்டும். கோட்டை உயரத்தில் போட்டால் பாட்டியின் தோட்டில் இருக்கும் சின்ன வைரங்களெல்லாம் பொய்யாகிவிடும். அதனால் கோட்டைக் கீழே, சபையருக்கும் சீ.செட்டுக்கும் மேலே போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டைத் தாண்டி மொய்சனைட்டும் உள்ளே வந்துவிடுகிறது.

ஆகவே சத்தம் வந்தால் அதன் பொருள் "இது கண்ணாடியுமில்லை, சீ.செட்டுமில்லை, சேர்க்கோனுமில்லை" என்பது மட்டும். "இது வைரம்" என்பது அந்தச் சத்தத்தில் இல்லை. நாங்களாகச் சேர்த்துக்கொள்வது.

சத்தம் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். கல் சிறியதாக இருந்து ஊசி பக்கத்திலுள்ள தங்கத்தில் பட்டால், தங்கத்தின் சூட்டோட்டத்தை மெஷின் கல்லின் கணக்கில் எழுதிவிடும். தங்கமும் நன்றாகச் சூடு கடத்தும். எனவே கடையில் பரிசோதிக்கும்போது சும்மா நிற்காமல் கவனியுங்கள். கல்லைத் துடைத்தாரா? மெஷின் சூடாகும்வரை காத்திருந்தாரா? ஊசியைக் கல்லின் மேல் தளத்தின் நடுவில் நேராக வைத்தாரா? இரண்டாம் முறை தொடுவதற்கு முன் கல் ஆற இடம் கொடுத்தாரா? இவை இல்லாமல் வருகிற சத்தமும் சரி, வராத சத்தமும் சரி, கணக்கில் சேராது.

இனி மாமியின் மோதிரத்துக்கு வருவோம். லூப்பில் என்ன தெரிந்தது?

மொய்சனைட்டுக்குள் போகிற ஒளி இரண்டாகப் பிரியும். வைரத்தில் அப்படிப் பிரியாது. அதனால் மொய்சனைட்டின் மேற்பக்கத்தினூடாக அடிப்பக்கத்தின் வெட்டு விளிம்புகளைப் பார்த்தால், ஒவ்வொரு கோடும் இரட்டைக் கோடாகத் தெரியும். ஆனால் இங்கே ஒரு தந்திரம் இருக்கிறது. கல்லை நேர் மேலேயிருந்து, தட்டையான நடுத்தளத்தினூடாகப் பார்த்தால் இந்த இரட்டை தெரியாது. அந்தத் திசையில் ஒளி பிரியாது. கல்லை வெட்டுகிறவர்கள் அந்தத் திசை மேலே வரும்படிதான் வெட்டுகிறார்கள். நாங்களும் முதல் ஐந்து நிமிடம் நேராகப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லையே" என்றுதான் சொன்னோம். பிறகு மோதிரத்தைச் சரித்து, ஓரத்தில் இருக்கும் பட்டம் போன்ற முகத்தினூடாக எதிர்ப்பக்க விளிம்பைப் பார்த்தோம். தண்டவாளம் போல இரண்டிரண்டு கோடுகள்.

மாமி சொன்ன மழைவில் நிறமும் இதனோடு பொருந்தியது. வெள்ளை ஒளியை நிறங்களாகப் பிரித்து வீசுவதில் மொய்சனைட் வைரத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வெளிச்சமும் வெட்டும் மாறினால் அதுவும் மாறும்.

இரட்டைக் கோடும் தனியே நின்று சாட்சி சொல்லாது. நம் மாத்தறைச் சேர்க்கோனிலும் இரட்டைக் கோடு தெரியும். இரண்டு சோதனையையும் சேர்த்து வைத்தால்தான் பதில் வரும். டெஸ்டரில் சத்தம் வராமல் இரட்டைக் கோடு தெரிந்தால் அது சேர்க்கோன் போன்ற கல்லாக இருக்கலாம். சத்தமும் வந்து இரட்டைக் கோடும் தெரிந்தால் மொய்சனைட் என்று சந்தேகியுங்கள். சத்தம் வந்து, எல்லாப் பக்கமும் சரித்துப் பார்த்தும் கோடு ஒற்றையாகவே நின்றால் வைரமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கல்லைக் கழற்றிய பிறகு நிறையும் பேசியது. பாடசாலையில் பாவிக்கிற வேணியரால் அளந்தபோது வட்டத்தின் குறுக்களவு 6.5 மில்லிமீற்றர். அந்த அளவில் ஒழுங்காக வெட்டிய வைரம் ஏறத்தாழ ஒரு கரட், அதாவது 0.20 கிராம் இருக்கும். பத்தரின் தராசில் 0.18 கிராம்தான் வந்தது. மொய்சனைட் வைரத்தைவிட நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்கு நிறை குறைந்தது, அந்தக் கணக்கோடு இது ஒத்துப்போனது. ஆனாலும் கல்லின் ஆழம் கூடக்குறைய வெட்டியிருந்தால் நிறையும் மாறும். அதனால் இதையும் தீர்ப்பாக எடுக்காமல் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். வீட்டில் செய்கிற சோதனை சந்தேகத்தை எழுப்பலாம், தீர்ப்பை ஆய்வகம்தான் எழுத வேண்டும்.

இதற்குக் கடைத்தெருவிலிருந்து ஒரு பதில் வரும் என்று எங்களுக்குத் தெரியும். "டீச்சர், இப்ப மொய்சனைட்டையும் பிடிக்கிற புது மெஷின் வந்திட்டுது." உண்மைதான். அந்த மெஷின் சூட்டோடு சேர்த்து மின்சாரத்தையும் பார்க்கும். சாதாரண வைரம் மின்சாரத்தைக் கடத்தாது, மொய்சனைட் பெரும்பாலும் சிறிதளவு கடத்தும். பழையதைவிட அது நல்ல மெஷின், கடைகள் அதை வாங்க வேண்டும் என்பதே எங்கள் கருத்தும். ஆனால் இப்போது வருகிற மிக வெள்ளையான மொய்சனைட் சிலவற்றில் மின்னோட்டம் மிகக் குறைவு, மெஷின் தடுமாறும். அதைவிடப் பெரிய விடயம், ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தை இந்த இரண்டு மெஷினும் பிரிக்காது. பிரிக்கவும் முடியாது. அது போலி இல்லை, அதுவும் காபனால் ஆன வைரமே. சூடும் ஒன்று, கோடும் ஒன்று. ஆனால் விலை இயற்கை வைரத்தின் விலைக்குக் கிட்டவும் வராது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வகக் கருவிகள் வேண்டும்.

அப்படியானால் வாங்குகிறவர் எதை நம்புவது? எங்கள் கருத்து நேரடியானது. மெஷினை நம்பி வாங்காதீர்கள், எழுத்தை நம்பி வாங்குங்கள். அந்த எழுத்தையும் நீங்களே சரிபார்த்த பிறகு.

முதல் எழுத்து ஆய்வகச் சான்றிதழ். கல்லுக்கென்று ஒரு சான்றிதழ் இருந்தால் அதில் ஓர் இலக்கம், கரட் நிறை, மில்லிமீற்றர் அளவு, இயற்கையா வளர்த்ததா என்பது எல்லாம் இருக்கும். அந்த இலக்கத்தைக் கடைக்காரர் காட்டுகிற தொலைபேசியில் பார்க்காமல், உங்கள் தொலைபேசியில் அந்த ஆய்வகத்தின் இணையத்தளத்துக்குப் போய் அடித்துப் பாருங்கள். பல வைரங்களின் இடுப்பு விளிம்பில் அதே இலக்கம் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும், லூப்பில் வாசிக்கலாம்.

அத்தோடு நிறுத்தக் கூடாது. ஜி.ஐ.ஏ.யின் பொய்யான இலக்கம் பொறித்த மொய்சனைட் கல் ஒன்று ஜி.ஐ.ஏ.யின் ஆய்வகத்துக்கே வந்து பிடிபட்டதை அவர்களே எழுதியிருக்கிறார்கள். இலக்கம் உண்மையான ஒரு வைரத்தின் இலக்கமாக இருக்கலாம், கல் வேறாக இருக்கலாம். ஆகவே கல்லின் நிறையும் அளவும் சான்றிதழோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். மோதிரத்தில் பதித்த கல்லை நிறுக்க முடியாது. பெரிய தொகை கொடுப்பதென்றால் பதிக்கும் முன் பார்ப்பதுதான் நல்லது. பதித்ததை வாங்குகிறீர்களென்றால், கொழும்பில் பரிசோதித்து வரும் வரை காசில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளச் சம்மதமா என்று கேளுங்கள். போக்குவரத்துக்கும் பரிசோதனைக்கும் போகிற செலவு, நான்கரை லட்சத்தின் முன் ஒன்றுமில்லை.

இரண்டாவது எழுத்து பற்றுச்சீட்டு. "வைர மோதிரம் 1" என்று எழுதிய துண்டு உங்களுக்கு உதவாது. "இயற்கை வைரம்", எத்தனை கரட், சான்றிதழ் இலக்கம் என்ன, வேறு கல்லென்று தெரியவந்தால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை என்று 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமே சொல்கிறது. இது அவரைச் சந்தேகிப்பதாகாது. உண்மையான கல் விற்கிறவர் "இயற்கை" என்ற சொல்லை எழுதத் தயங்கமாட்டார். தயங்கினால் அந்தத் தயக்கம் எந்த டெஸ்டரையும்விடத் தெளிவாகப் பேசும்.

தெரிந்தவரிடம், உறவுக்காரரிடம் வாங்கும்போதுதான் நாம் எழுத்தே கேட்பதில்லை. "எங்கட ஆள்தானே." மாமியும் அப்படித்தான் கேட்கவில்லை. 1990இல் இந்த மண்ணைவிட்டுப் போகும்போது கையிலிருந்த நகையையும் இழந்து போனவர்களின் பிள்ளைகள் நாம். நம் குடும்பங்களில் ஒரு நகை என்றால் அது அழகுக்கு மட்டுமல்ல, ஆபத்துக்கு உதவுகிற சேமிப்பு. அந்தச் சேமிப்பு ஒரு சத்தத்தில் நிற்கக் கூடாது.

மொய்சனைட் கெட்ட கல் என்று நாங்கள் சொல்லவில்லை. கடினத்தில் வைரத்துக்கு அடுத்த படியில் நிற்கிறது, எளிதில் கீறல் விழாது, பார்க்கவும் அழகு. ஒரு மணமகன் "இது மொய்சனைட், என்னால் முடிந்தது இதுதான்" என்று சொல்லிக் கொடுத்தால் அதில் ஒரு குறையும் இல்லை. பெயர் மாறும்போதுதான் அது ஏமாற்றாகிறது. விற்கிற பொருளின் குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது மத்ரஸாவுக்குப் போகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குறை தெரியாமல் விற்றேன் என்று சொல்வதற்கும் இன்று இடம் குறைவு. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

எனவே நகைக்கடை நடத்துகிற சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். டெஸ்டரைக் கல்லில் வைத்துச் சத்தம் வந்ததும் "வைரம்" என்று சொல்லாதீர்கள். "சூட்டுச் சோதனையில் தேறிவிட்டது, மொய்சனைட்டும் இதில் தேறும், லூப்பிலும் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வசனத்தைச் சொல்லாததால்தான் இரண்டு கடைக்காரர்களின் நல்ல பெயர் மாமியின் வீட்டில் கெட்டுப்போனது.

மாமியின் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறோம். விற்றவரிடம் ஆய்வக அறிக்கையைக் காட்டினார்கள். முதலில் கோபப்பட்டார், "நானும் மெஷின் வைச்சுத்தான் வாங்கினேன்" என்றார். பெரியவர்கள் இருவர் நடுவில் இருந்து பேசினார்கள். பாதிக் காசு உடனே வந்தது, மீதியை மூன்று மாதத்தில் தருவதாக இந்த முறை எழுதிக் கொடுத்திருக்கிறார். நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது. மருமகளுக்குத் தங்க வளையல் போட்டார்கள். பற்றுச்சீட்டில் கரட்டும் நிறையும் எழுதி வாங்கினோம், நாங்களும் கூடவே போயிருந்தோம்.

உங்கள் வீட்டில் சான்றிதழ் இல்லாத வெள்ளைக் கல் இருந்தால் பயப்பட வேண்டாம், உடனே விற்கவும் வேண்டாம். ஒரு லூப் எடுத்து, கல்லைச் சரித்து, விளிம்பு ஒற்றையா இரட்டையா என்று முதலில் பாருங்கள். பார்த்ததைக் கீழே எழுதுங்கள். தெரிந்த பத்தர்மாரும் கடைக்காரர்களும் நாங்கள் எங்காவது பிழையாகச் சொல்லியிருந்தால் திருத்துங்கள்.

வஸ்ஸலாம்.